அப்பீலா, ரெவ்யூவா, ரிவிஷனா: உரிமையியல் வழக்கில் எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

முதலில் சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். உச்ச நீதிமன்றச் செய்திகளில் 'சீராய்வு மனு' என்று வந்தால் அது பெரும்பாலும் ரெவ்யூ. அதே சொல்லை உயர் நீதிமன்றத்தில் ரிவிஷனுக்கும் எழுதுகிறார்கள். இரண்டும் வேறு வேறு சங்கதிகள். அதனால் கோர்ட் வளாகத்தில் எல்லோரும் சொல்வது போல அப்பீல், ரெவ்யூ, ரிவிஷன் என்றே எழுதுகிறேன்.

ஒரு பாதைத் தகராறை எடுத்துக்கொள்வோம். தன் தோட்டத்துக்குப் போகும் வண்டிப்பாதையில் தனக்கு உரிமை உண்டு என்று ஒரு விவசாயி மாவட்ட முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போடுகிறார். நடுவில் பாதையை அளந்து பார்க்க வக்கீல் கமிஷனரை நியமிக்கக் கேட்கிறார், மனு தள்ளுபடி. கடைசியில் வழக்கும் தள்ளுபடி. தீர்ப்பை வாங்கிப் பார்த்தால், அவருடைய பக்கத்துத் தோட்டக்காரர் சொன்ன சாட்சியத்தை நீதிபதி நம்பவில்லை. 'வாதி தன் கிரயப் பத்திரத்தைத் தாக்கல் செய்யவில்லை' என்றும் ஒரு வரி இருக்கிறது. ஆனால் அந்தப் பத்திரம் வாதி தரப்புச் சான்றாவணமாக, வா.சா.ஆ.3 என்று குறியீடு செய்யப்பட்டு அதே வழக்குக் கட்டில்தான் கிடக்கிறது. சர்வே எண் 112/3 என்பது தீர்ப்பாணையில் 121/3 என்று விழுந்திருக்கிறது.

நான்கு குறைகள். நான்கையும் ஒரே மனுவில் கொட்டுவதுதான் பலர் செய்யும் தவறு.

சாட்சியை நம்பாதது அப்பீலுக்கு உரிய விஷயம். உரிமையியல் நடைமுறைச் சட்டம் 96-ஆம் பிரிவின்படி முதல் அப்பீலில் சாட்சியம், ஆவணம், சட்டம் எல்லாவற்றையும் மேல்கோர்ட் புதிதாக எடைபோடலாம். முன்சீப் கோர்ட் தீர்ப்பாணை என்றால் பொதுவாக சார்பு நீதிமன்றத்தில் போட வேண்டும். கெடு 30 நாள். உயர் நீதிமன்றத்துக்கே நேரடியாக அப்பீல் போகும் வழக்கானால் 90 நாள். சார்பு நீதிமன்றத்திலும் தோற்றால் 100-ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் இரண்டாம் அப்பீல் உண்டு. ஆனால் அங்கே முக்கியமான சட்டக் கேள்வி ஒன்று எழுந்தால்தான் கதவு திறக்கும். 'சாட்சியை நம்பியிருக்க வேண்டும்' என்று அங்கே போய் நின்றால் காது கொடுக்க மாட்டார்கள். ஆகவே உண்மையான சண்டை முதல் அப்பீல்தான். அதை அரைகுறையாகத் தயாரிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

யார் அப்பீல் போடலாம்? தீர்ப்பாணையால் பாதிக்கப்பட்டவர். வழக்கில் தரப்பினராக இல்லாத ஒருவர், உதாரணமாக அந்த நிலத்தில் பங்கு உள்ளவர், மேல்கோர்ட்டின் அனுமதி வாங்கிக்கொண்டு போடலாம். முழுவதும் ஜெயித்தவர், தீர்ப்பில் ஒரு வரி பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் போட முடியாது. எதிர்த்தரப்பு அப்பீலுக்கு வந்தால் அந்த வரியைக் குறுக்கு ஆட்சேபணையாக எழுப்பலாம். இரு தரப்பும் சம்மதித்து வாங்கிய தீர்ப்பாணைக்கு அப்பீலே கிடையாது.

வா.சா.ஆ.3 விஷயம் அப்படி இல்லை. கட்டில் இருக்கும் ஆவணத்தை 'இல்லை' என்று எழுதியது, விரல் வைத்துக் காட்டக்கூடிய பிழை. இதற்குத்தான் 114-ஆம் பிரிவும் கட்டளை 47-உம் சொல்லும் ரெவ்யூ. தீர்ப்பு சொன்ன அதே கோர்ட்டில், 30 நாளுக்குள். நீதிபதி மாறியிருந்தால் அந்த இடத்துக்கு வந்தவர் கேட்கலாம். ஆனால் நீதிபதி பத்திரத்தைப் படித்துவிட்டு, 'இதில் பாதை உரிமை சொல்லப்படவில்லை' என்று எழுதியிருந்தால் அது ரெவ்யூ ஆகாது. அது தவறான முடிவாகவே இருந்தாலும் அப்பீலில்தான் சொல்ல வேண்டும். என் அளவுகோல் இதுதான்: பிழையைக் காட்ட அரை மணி நேரம் வாதாட வேண்டியிருந்தால் அது ரெவ்யூவுக்கான பிழை அல்ல.

புதிய ஆதாரம் கிடைத்தாலும் ரெவ்யூ கேட்கலாம். முறையாக முயன்றும் முன்பு தெரியவரவில்லை என்று நிரூபிக்க வேண்டும். பதிவான பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்தைக் காட்டி 'இப்போதுதான் தெரிந்தது' என்றால், சார்பதிவாளர் அலுவலகத்தில் ஏன் தேடவில்லை என்ற கேள்வி வரும். வழக்கு முடிந்த பிறகு வேறொரு வழக்கில் சட்டத்துக்குப் புதிய விளக்கம் வந்தது என்பதும் காரணமாகாது.

ரெவ்யூவில் ஒரு குழி இருக்கிறது. ரெவ்யூ தள்ளுபடியானால் அந்த உத்தரவுக்கு அப்பீல் கிடையாது. மூலத் தீர்ப்பாணைக்குத்தான் அப்பீல் போட வேண்டும், அதற்கான நாளோ தீர்ப்பு வந்ததிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும். ரெவ்யூ முடிவு வரட்டும் என்று ஆறு மாதம் உட்கார்ந்திருந்தால், அப்புறம் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போட்டுக் கெஞ்ச வேண்டும். வரிசையை மாற்றினாலும் சிக்கல்தான்: அப்பீலை முதலில் போட்டுவிட்டால் அவருக்கு ரெவ்யூ கதவு மூடிவிடும். ரெவ்யூவை முதலில் தாக்கல் செய்து, அப்பீலையும் கெடுவுக்குள் போட்டுவைப்பதே பாதுகாப்பு. அப்பீல் முடிவாகும்வரை ரெவ்யூவைக் கேட்கத் தடையில்லை.

கெடுவைக் கணக்கிட, தீர்ப்பு நகலில் இருக்கும் முத்திரையைப் பாருங்கள். நகல் கேட்ட நாள், தயாரான நாள் எல்லாம் அதில் இருக்கும். தீர்ப்பு ஜூன் 10, நகல் கேட்டது ஜூன் 15, தயாரானது ஜூலை 4 என்றால், அந்த 20 நாள் கணக்கில் சேராது. ஜூலை 10-இல் முடிய வேண்டிய கெடு ஜூலை 30 வரை நீளும். தயாரான பிறகு நீங்கள் போய் வாங்காமல் விட்ட நாட்களுக்குச் சலுகை இல்லை.

இனி கமிஷனர் மனு. அது இடைக்கால உத்தரவு, அதற்கு அப்பீல் இல்லை. அப்பீல் இல்லாத இடத்தில்தான் 115-ஆம் பிரிவின் ரிவிஷன் வரும். தமிழ்நாட்டில் அதை உயர் நீதிமன்றம் மட்டுமே கேட்கும்: சென்னையில், அல்லது மதுரைக் கிளையில். கெடு 90 நாள். முடிவு சரியா என்று அங்கே பார்ப்பதில்லை. கீழ்கோர்ட் இல்லாத அதிகாரத்தை எடுத்துக்கொண்டதா, இருந்ததைப் பயன்படுத்த மறுத்ததா, முறைகேடாகப் பயன்படுத்தியதா என்றுதான் பார்ப்பார்கள். 2002 ஜூலை 1 முதல் இன்னொரு நிபந்தனையும் உண்டு: மனுதாரருக்குச் சாதகமாக உத்தரவு வந்திருந்தால் வழக்கே முடிந்திருக்க வேண்டும்.

வழக்குரையை நிராகரிக்கச் சொல்லிப் பிரதிவாதி போடும் மனுவை வைத்துப் பாருங்கள். அனுமதித்தால் அது தீர்ப்பாணைக்குச் சமம், வாதி அப்பீல் போகலாம். தள்ளுபடி செய்தால் பிரதிவாதி ரிவிஷன் போகலாம். ஏனென்றால் அனுமதித்திருந்தால் வழக்கு அங்கேயே முடிந்திருக்கும். கமிஷனரை நியமித்திருந்தால் வழக்கு முடிந்திருக்காது. எனவே 115 பொருந்தாது. மிஞ்சுவது அரசியலமைப்பின் 227-ஆம் உறுப்பின் மேற்பார்வை அதிகாரம். அதையும் ரிவிஷனைப் போலவே சி.ஆர்.பி., அதாவது சிவில் ரிவிஷன் மனு என்றே எண்ணிடுவார்கள், ஆனால் அப்பட்டமான தவறு இருந்தால்தான் தலையிடுவார்கள்.

இதற்காக மதுரைக்கு அலைய வேண்டுமா? நான் வேண்டாம் என்பேன். 105-ஆம் பிரிவு, இப்படிப்பட்ட உத்தரவின் தவறு தீர்ப்பைப் பாதித்திருந்தால், அதை இறுதி அப்பீலிலேயே ஒரு காரணமாக எழுதிக்கொள்ள இடம் தருகிறது.

சர்வே எண்ணுக்கு இந்த மூன்றுமே வேண்டாம். 152-ஆம் பிரிவில் அதே கோர்ட்டில் ஒரு திருத்த மனு போதும், எப்போது வேண்டுமானாலும் போடலாம்.

இதே வழக்கில் விவசாயி ஜெயித்து, பிரதிவாதி அப்பீல் போட்டிருந்தால்? அப்பீல் நம்பர் ஆகிவிட்டதாலேயே தீர்ப்பாணை நின்றுவிடாது. ரிவிஷனுக்கும் அதே கதைதான். தடை உத்தரவு தனியாக வாங்க வேண்டும். அப்பீல் கெடு முடிவதற்கு முன்பே தீர்ப்பு சொன்ன கோர்ட்டிலும் அதைக் கேட்கலாம்.