திங்கள்கிழமைப் புகாரும் ரெடிஸும்: மூன்றாண்டு அனுபவம்

இரண்டு சர்வர் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், "லாகின் செஷனை ரெடிஸில் வைக்கலாமா?" என்று கேட்டார். எங்களிடம் லோடு பேலன்சருக்குப் பின்னால் நான்கு சர்வர்கள். முன்பு ஒவ்வொரு சர்வரும் தன் செஷனைத் தன் நினைவகத்திலேயே வைத்திருந்தது. ஒருவர் எப்போதும் அதே சர்வருக்குப் போகும்படி பேலன்சர் ஒரு குக்கீயால் கட்டிவைத்திருந்தது. ஒரு சர்வரை மறுதொடக்கம் செய்தால் அதிலிருந்த அத்தனை பேரும் வெளியே. ரெடிஸுக்கு மாறிய பிறகு பட்டப்பகலில் புதிய பதிப்பை ஏற்றுகிறோம், யாருக்கும் தெரிவதில்லை. அந்தச் சுகத்துக்கு எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

ஆனால் அந்தத் திங்கள்கிழமைகளை நான் மன்னிக்கவில்லை. செஷன் ஆயுள் 14 நாள். வெள்ளிக்கிழமை உள்ளே வந்தவர் திங்களன்று மீண்டும் கடவுச்சொல் கேட்கிறது என்பார். நாள்தோறும் வருபவருக்கோ ஒரு குறையும் இல்லை. குக்கீயைச் சந்தேகித்தோம், சர்வர்களின் கடிகாரத்தைச் சந்தேகித்தோம். கடைசியில் இதைத் தட்டிப் பார்த்தேன்:

```
redis-cli INFO stats | grep evicted_keys
```

எண் ஏறிக்கொண்டே இருந்தது. ஆயுள் முடிந்து போகும் சாவிகள் `expired_keys` கணக்கில் வரும். இவை இடமில்லாமல் வெளியேற்றப்பட்டவை. அறிக்கைகளின் கேஷை 0 என்ற தரவுத்தளத்திலும் செஷனை 1 என்பதிலும் பிரித்துவிட்டதாக நினைத்திருந்தோம். எண்ணைப் பிரித்தால் நினைவகம் பிரிந்துவிடாது. `maxmemory` வரம்பு மொத்தத்துக்கும் ஒன்றுதான். கேஷுக்காக நாங்களே வைத்த `allkeys-lru`, நெடுநேரம் தொடப்படாத சாவியைத் தேடி நீக்கும். விடுமுறைக்குப் போனவரின் செஷன் அதற்குச் சரியான இரை.

இடத்தை அடைத்தது யார் என்பதுதான் வேடிக்கை. பேலன்சர் ஒவ்வொரு சர்வரையும் 5 விநாடிக்கு ஒருமுறை "உயிரோடு இருக்கிறாயா" என்று முகப்புப் பக்கத்தில் கேட்கும். அந்தப் பக்கமோ மொழித் தேர்வைச் செஷனில் எழுதிவைக்கும். பேலன்சர் குக்கீயைத் திருப்பி அனுப்பாது, ஆகவே ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு புதிய செஷன். நான்கு சர்வருக்கு ஒரு நாளில் 69,120. 14 நாள் விட்டிருந்தால் 9.68 லட்சம்!

சோதனைக்குச் செஷன் தொடாத `/healthz` என்ற பாதையைக் கொடுத்தோம். செஷனுக்கென்று தனி ரெடிஸ் நிறுவி `noeviction` வைத்தோம். இனி நிரம்பினால் புதிய லாகின் பிழையோடு நிற்கும். ஓசையில்லாமல் பழையவரைத் தள்ளுவதைவிட அது எவ்வளவோ மேல். நியாயமாகச் சொன்னால் ரெடிஸ் சொன்னதைத்தான் செய்தது, முட்டாள்தனம் எங்களுடையது. இருந்தும் நண்பரிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். இரண்டு சர்வருக்கு, ஏற்கெனவே இருக்கும் போஸ்ட்கிரெஸில் ஒரு டேபிள் போதும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு சின்னத் தேடல், அதை அது தாங்கும். பழைய செஷன்களை இரவில் நீக்க ஒரு கிரான் வேலை போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

"அப்படியானால் நீயும் மாறிவிடுவாயா?" என்றார். மாறப்போவதில்லை.