பாட்டில் நிஜம், பேக்கிரவுண்ட் மட்டும் ஏஐ: மூணு வழியில எது லேபிளைத் தொடாம விடுது?

செக்கு நல்லெண்ணெய் விக்கிற ஒரு அக்காவுக்கு போன மாசம் படம் பண்ணிக் கொடுத்தேன். 500 மில்லி கண்ணாடி பாட்டில், கருப்பு மூடி, மஞ்சள் லேபிள், அதுல தமிழ்ல பேரு, கீழ பொடி எழுத்துல எம்ஆர்பி, எடை, 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பர், பச்சை வட்டம் போட்ட சைவ முத்திரை. அவங்க கேட்டது பழைய மர மேசை, ஜன்னல் வெளிச்சம், பின்னாடி மங்கலா ஒரு சமையக்கட்டு, அவ்ளோதான். ஒரே பாட்டில் போட்டோவை வச்சு மூணு வழியிலயும் செஞ்சு பார்த்துட்டேன், அதனால எது எங்க காலை வாருதுன்னு விவரமா எழுதுறேன்.

முதல் வழி எல்லாரும் முதல்ல போறது. போட்டோவை அப்படியே எடிட் பண்ற மாடல்கிட்ட கொடுத்து "இந்த பாட்டிலை மர மேசை மேல வை"ன்னு எழுதிடுறது. ரெண்டாவது, பாட்டிலுக்கு மாஸ்க் போட்டு பூட்டி வச்சுட்டு சுத்தி இருக்குறதை மட்டும் வரைய விடுறது, அதாவது இன்பெயின்ட். மூணாவது, பாட்டிலே இல்லாத காலி மேசையை மட்டும் தனியா ஜெனரேட் பண்ணி, வெட்டின பாட்டிலை நம்ம கையால மேல ஒட்டுறது.

முதல் வழியில வர்ற படத்தைத் தள்ளி நின்னு பார்த்தா மூணுலயும் அதுதான் அழகு. ஜன்னல் வெளிச்சம் கண்ணாடியில விழுந்து எண்ணெய்க்குள்ள ஒளி ஊடுருவி, நிழல் மேசையில சரியா படுத்து, கை வச்சா ஒட்டும் போல இருக்கும். ஆனா 100 சதவீதத்துல ஜூம் பண்ணுங்க. எனக்கு வந்ததுல "நல்லெண்ணெய்"ல இருக்குற ல, மூணு சுழி ண எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்து தமிழ் மாதிரி இருக்குற வேற ஏதோ எழுத்தாயிடுச்சு, சைவ முத்திரை ஒரு பச்சைத் தீத்தல், எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பர் இருந்த இடத்துல எண் மாதிரி கோடுகள். இன்னொரு தடவை ஓட்டினப்போ எழுத்து தெளிவாவே வந்துச்சு, ஆனா நம்பர்ல ரெண்டு இலக்கம் மாறியிருந்துச்சு, இது முதல்ல வந்ததை விட மோசம், ஏன்னா யாரும் கவனிக்க மாட்டாங்க, படத்துல வேற ஒரு லைசென்ஸ் நம்பரோட அவங்க பொருள் நிக்கும்.

இது ப்ராம்ப்ட் சரியா எழுதலைன்னு வர்ற தப்பு இல்ல, "லேபிளை மாத்தாதே"ன்னு பத்து தடவை எழுதினாலும் முழுசா போகாது. காரணம் கணக்குல இருக்கு. எஸ்டிஎக்ஸ்எல் மாதிரி படம் வரையுற மாடல் படத்தைப் பிக்சலா வச்சு வேலை செய்யாது, 8க்கு 8 பிக்சல் கட்டத்தை ஒரே புள்ளியா சுருக்கி, 192 எண் இருந்த இடத்துல 4 எண்ணை மட்டும் வச்சுக்கும். ஃப்ளக்ஸ் 1 மாடல்ல அது 16 எண், அதனால எழுத்து கொஞ்சம் பொழைக்கும், ஆனாலும் திரும்ப விரிக்கும்போது அச்சு அசலா வராது. என் போட்டோவுல பாட்டில் உயரம் 3000 பிக்சல், அந்த நம்பரோட ஒரு இலக்கம் 30 பிக்சல் உயரம். 1024 சைஸ் படத்துல பாட்டில் 700 பிக்சலுக்கு வந்ததும் இலக்கம் 7 பிக்சல் ஆயிடுது. ஒரு முழு இலக்கமும் ஒரு கட்டத்துக்குள்ள அடங்கிப் போச்சுன்னா அதைத் திரும்ப எழுத மாடல்கிட்ட போதுமான தகவல் கிடையாது, ஊகிச்சுதான் வரையும்.

இதே காரணத்தால ரெண்டாவது வழியிலயும் ஒரு பொறி இருக்கு, நிறைய பேர் இதுல விழுறாங்க. மாஸ்க் போட்டாச்சு, பாட்டிலைத் தொடல, அப்போ பாட்டில் அப்படியே இருக்கும்னு நினைப்போம். டூல் தானா ஒரிஜினலைத் திரும்ப ஒட்டலைன்னா, மாஸ்க் போட்டு பூட்டின பாட்டிலும் அந்த சுருக்கி விரிக்கிற மெஷின் வழியா போய்தான் வரும், பொடி எழுத்து லேசா குழைஞ்சிருக்கும். தானா ஒட்டினாலும் 1024க்குக் குறைச்ச பாட்டிலைத்தான் ஒட்டும். அதனால வெளிய வந்த படத்தைக் கடைசிப் படம்னு எடுத்துக்காதீங்க, அது பேக்கிரவுண்ட் மட்டும்தான். நான் செய்றது: வந்த 1024 படத்தை நாலு மடங்கு அப்ஸ்கேல் பண்ணி 4096 ஆக்கிடுவேன், அதுல மாடல் வச்ச பாட்டில் 2800 பிக்சல் இருக்கும், அதே இடத்துல என்னோட 3000 பிக்சல் ஒரிஜினலை 2800க்குக் குறைச்சு மேல வைப்பேன். இலக்கம் 28 பிக்சல், நல்லா படிக்கலாம். பின்னாடி சமையக்கட்டு எப்படியும் மங்கலாதான் இருக்கணும், அதனால அப்ஸ்கேல் பண்ணது தெரியாது. ஆனா பாட்டில்ல கேமரா நாய்ஸ் இருக்கும், பின்னணி மொழுமொழுன்னு இருக்கும், அதனால பேக்கிரவுண்டுக்கு மட்டும் லேசா நாய்ஸ் சேர்க்கணும், இல்லன்னா ஏன்னு சொல்லத் தெரியாம ஏதோ ஒட்டாத மாதிரியே இருக்கும்.

ரெண்டாவது வழியோட பெரிய லாபம் நிழல். மாடலுக்கு பாட்டில் கண்ணு முன்னாடி இருக்குறதால அடியில கருப்பா ஒட்டின நிழல், மேசையில மஞ்சளா ஒரு பிரதிபலிப்பு எல்லாம் அதுவே போட்டுடும், கையால போட அரை மணி நேரம் ஆகுற வேலை. பெரிய நஷ்டம் என்னன்னா பாட்டில் வளரும். மாஸ்க் ஓரத்துல ஆரம்பிச்சு பாட்டிலோட தோளை அகலமாக்கும், மூடி மேல இன்னொரு மூடி வைக்கும், அடியில மரப் பீடம் மாதிரி ஒண்ணை ஒட்டும். ஒரிஜினலை மேல வச்சதும் அது பின்னாடி இருந்து எட்டிப் பார்க்கும். கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி, ஒரிஜினல் லேயரை ஆஃப் ஆன் பண்ணி ஓரத்தை மட்டும் பாருங்க, உருவத்தோட வெளிக்கோடு நகர்ந்தா வளர்ந்திருக்குன்னு அர்த்தம். எனக்குக் கைகொடுத்தது ப்ராம்ப்ட்ல பாட்டில்னு எழுதாம இருக்குறது. "எண்ணெய் பாட்டில் மர மேசை மேல"ன்னு எழுதினா மாடல் பாட்டிலை வரையப் பார்க்குது, "பழைய மர மேசை, இடப்பக்க ஜன்னல், மங்கலான சமையக்கட்டு"ன்னு மட்டும் எழுதி, சீட் எண்ணை மாத்தி மாத்தி எட்டு தடவை ஓட்டினா அதுல ரெண்டு மூணு சுத்தமா வந்துச்சு. ஸ்டேபிள் டிஃப்யூஷன் மாடல்களை ஓட்டுற ஏ1111 இன்டர்ஃபேஸ்ல செய்றவங்க பாட்டிலுக்கு மாஸ்க் போட்டுட்டு `Inpaint not masked` தேர்ந்தெடுக்கணும், மறந்தா தலைகீழா பாட்டில்தான் மாறும்.

மூணாவது வழியில பாட்டில் வளர வாய்ப்பே இல்ல, ஏன்னா மாடல் அதைப் பார்க்கவே இல்ல. ஆனா அதனாலேயே கேமரா கோணம் நம்ம தலையில விழும். ஸ்டிக்கர் ஒட்டின மாதிரி இருக்குன்னு சொல்ற படங்கள்ல பெரும்பாலும் தப்பு நிழல்ல இல்ல, கோணத்துலதான். இதை அளந்தே பார்க்கலாம். பாட்டிலோட அடிப்பாகம் நீள்வட்டமா தெரியும்ல, என் போட்டோவுல அது 840 பிக்சல் அகலம், அந்த நீள்வட்டத்தோட முழு உயரம் 63 பிக்சல். 63ஐ 840ஆல வகுத்தா 0.075, அது கோணத்தோட சைன், அதாவது கேமரா கிட்டத்தட்ட 4 டிகிரி மேல இருந்து பார்க்குது, ஏறக்குறைய மேசை மட்டம். இப்போ ஜெனரேட் ஆன மேசையில ஒரு தட்டோ டம்ளரோ இருந்தா அதோட வாயையும் அதே மாதிரி அளங்க. எனக்கு அழகா வந்த ஒரு மேசையில தட்டு 600க்கு 300 இருந்துச்சு, 0.5, அப்போ 30 டிகிரி. அந்த மேசை எவ்வளவு அழகா இருந்தாலும் என் பாட்டிலுக்கு ஆகாது, எந்த நிழலும் காப்பாத்தாது. வெளிச்சத்துக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு, ஜன்னல் எதிர்ப்பக்கம் வந்துட்டா பேக்கிரவுண்டைக் கண்ணாடி மாதிரி திருப்பிடலாம். பாட்டிலைத் திருப்பிடாதீங்க, எழுத்து இடவலமா மாறிடும்.

நிழலை நான் வரையுறதை விட போட்டோவுல இருந்தே எடுத்துக்குறேன். வெள்ளை பேப்பர் மேல எடுத்த போட்டோவுல பேப்பர் முழு வெள்ளையா ஆகுற வரைக்கும் லெவல்ஸ் தள்ளிட்டா நிழல் மட்டும் மிஞ்சும், அந்த லேயரை மல்டிப்ளைல, அதாவது வெள்ளை மறைஞ்சு இருட்டு மட்டும் பதியுற மோட்ல, மேசை மேல வச்சு, அதுக்கு மேல வெட்டின பாட்டிலை வச்சா நிஜ நிழலே கிடைக்கும். ஒரே கட்டுப்பாடு, ஜன்னல் அந்த நிழலுக்கு ஏத்த பக்கம் இருக்கணும்.

ஆனா வெள்ளை பேப்பர்ல எடுக்குறதுக்கு ஒரு விலை இருக்கு. ஓரத்துல வெள்ளைக் கோடு வரும், இருட்டு மரத்து மேல பளிச்னு தெரியும், மாஸ்க்கை 1 இல்ல 2 பிக்சல் உள்ள சுருக்கினா போயிடும். கண்ணாடிதான் நிஜத் தலைவலி. எண்ணெய் மட்டத்துக்கு மேல கழுத்துல காலி கண்ணாடி, அதுக்குள்ள என் வெள்ளை பேப்பர்தான் தெரியுது, மரச் சமையக்கட்டு முன்னாடி வச்சதும் பாட்டில் கழுத்துல பால் ஊத்தின மாதிரி ஆயிடுச்சு. அந்தக் கழுத்தை மட்டும் தனி லேயரா எடுத்து மல்டிப்ளைல வச்சேன், பின்னணி ஊடுருவித் தெரிஞ்சுச்சு, பளபளப்புக் கோடு செத்துப்போச்சு, அதை இன்னொரு காப்பியில ஸ்கிரீன் மோட்ல திரும்பக் கொண்டுவந்தேன். அதாவது கழுத்துல பிக்சல் மாறியிருக்கு, அதை அக்காகிட்டயும் சொல்லிட்டேன். லேபிள், மூடி, எண்ணெய் நிறம் மூணும் மாறல.

நடுவுல ஐசி-லைட் மாதிரி ரீலைட் பண்ற டூலும் இருக்கு. அது பின்னணிக்கு ஏத்த வெளிச்சத்தைப் பாட்டில் மேல போடும், அதுல இருந்து மங்கலான ஒளி மாற்றத்தை மட்டும் எடுத்து ஒரிஜினல் எழுத்து விவரத்தை மேல சேர்த்துட்டா லேபிள் படிக்கிற மாதிரியே இருக்கும். ஆனா நிறம் நகரும். எண்ணெய் கொஞ்சம் சிவந்தாலே வாங்குறவங்க "படத்துல இருந்த நிறம் இது இல்ல"ன்னு கேப்பாங்க, அதனால நான் நிறம் முக்கியமான பொருளுக்கு இதைத் தொடுறதில்ல.

எந்த வழியா இருந்தாலும் கொடுக்குறதுக்கு முன்னாடி கண்ணை நம்பாம இந்த பைத்தான் கோடை ஓட்டிடுறேன். `bottle.png` நம்ம சைஸ் குறைச்சு வெட்டின பாட்டில், `final.png` கடைசிப் படம், `x, y` எண்கள் அதுல பாட்டிலை வச்ச இடத்தோட இடது மேல் மூலை:

```python
from PIL import Image, ImageChops, ImageFilter
s = Image.open("bottle.png").convert("RGBA")
x, y = 1600, 900
f = Image.open("final.png").convert("RGB").crop((x, y, x+s.width, y+s.height))
m = s.getchannel("A").point(lambda v: 255 if v == 255 else 0)
m = m.filter(ImageFilter.MinFilter(9))
d = ImageChops.difference(s.convert("RGB"), f)
print(Image.composite(d, Image.new("RGB", d.size), m).getextrema())
```

மூணு நிறத்துக்கும் `(0, 0)` வந்தா ஓரம் தவிர பாட்டிலுக்குள்ள ஒரு பிக்சல்கூட நகரல. ஜேபெக்கா சேவ் பண்ணா சின்ன எண் வரும், அதனால பிஎன்ஜில வச்சு சோதிங்க. கண்ணாடிக் கழுத்தை நான் மாத்தினதால அந்த இடத்தை மாஸ்க்ல இருந்து கழிச்சுட்டு ஓட்டினேன்.

அக்காவுக்குக் கடைசியா போனது ரெண்டாவது வழி, மேல ஒரிஜினல் ஒட்டினது. மேட் டப்பா, பவுச், அட்டைப்பெட்டி மாதிரி ஒளி ஊடுருவாத பொருள்னா யோசிக்காம இதையே செய்வேன். முழுக்கக் கண்ணாடி, இல்ல பித்தளை மாதிரி சுத்தி இருக்குறதைக் காட்டுற பொருள்னா மூணாவது வழி, அதுவும் முதல்ல பேக்கிரவுண்டை ஜெனரேட் பண்ணிட்டு, அதோட கோணத்தையும் ஜன்னல் பக்கத்தையும் பார்த்து அப்புறமா பொருளை போட்டோ எடுப்பேன், பின்னாடி வெள்ளைக்குப் பதிலா அந்தப் பின்னணி நிறத்துல ஒரு சார்ட் பேப்பர் வச்சு. முதல் வழியை அக்காகிட்ட "இந்த மாதிரி மேசை ஓகேவா"ன்னு கேக்குற சாம்பிளுக்கு மட்டும் வச்சுக்கிட்டேன், அதையும் லேபிள் மேல ஒரு பட்டை அடிச்சுத்தான் அனுப்பினேன்.