ஃபார்வர்டிங் போதுமா, மெயில்பாக்ஸ் வேண்டுமா: உப்புவெளியில் ஒரு நான்கு அறை விடுதிக் கணக்கு

என் பெரியம்மாவின் மகள் உப்புவெளியில் நான்கு அறைகளோடு ஒரு விடுதி நடத்துகிறார். சொந்தமாக ஒரு டொமைன் வாங்கி, info@ என்று தொடங்கும் முகவரியைப் பெயர்ப்பலகையிலும் அட்டையிலும் அச்சடித்தோம். அந்த முகவரிக்கு வரும் மெயில் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை அதற்குப் பிறகுதான் யோசித்தோம். முன்னால் இருந்தவை இரண்டு வழிகள். ஒன்று, வருவதை அப்படியே அக்காவின் ஜிமெயிலுக்குத் திருப்பி விடுவது. மற்றது, டொமைனின் பெயரிலேயே தனியாக ஒரு மெயில்பாக்ஸ் எடுப்பது.

முதலில் ஃபார்வர்டிங்கைத்தான் போட்டோம். காசு இல்லை, பத்து நிமிட வேலை. கிளவுட்ஃபிளேர் இதை இலவசமாகத் தருகிறது. டொமைன் விற்கும் பல நிறுவனங்களும் தருகின்றன. டொமைன் அமைப்பில் MX என்ற பதிவை மாற்றினால், வரும் மெயிலை அந்தச் சேவை வாங்கி ஜிமெயிலுக்குத் தள்ளிவிடும். அங்கே எதுவும் சேமித்து வைக்கப்படுவதில்லை. வீடு மாறியவருக்குத் தபால்காரர் கடிதத்தைப் புது வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பது போலத்தான்.

இதைச் சோதிக்கும்போது பலரும் ஏமாறுகிற ஒரு இடம் உண்டு. எந்த ஜிமெயிலுக்குத் திருப்பி விட்டீர்களோ, அதே ஜிமெயிலிலிருந்து info@ முகவரிக்கு ஒரு சோதனை மெயில் அனுப்பினால் அது இன்பாக்ஸில் தெரியாது. நீங்களே அனுப்பிய மெயில்தானே என்று ஜிமெயில் அதைத் தனியாகக் காட்டாது. ஃபார்வர்டிங் வேலை செய்யவில்லை என்று நினைத்து எல்லாவற்றையும் கழற்றி மாட்டுவார்கள். வேறொருவரின் முகவரியிலிருந்து அனுப்பிப் பாருங்கள்.

மெயில் வருவதில் அக்காவுக்குப் பெரிய சிக்கல் இருக்கவில்லை. சிக்கல் பதில் எழுதும்போது வந்தது. ஜெர்மனியிலிருந்து ஒரு தம்பதி ஆவணியில் ஐந்து இரவுகளுக்கு அறை கேட்டு info@ முகவரிக்கு எழுதினார்கள். அக்கா ஜிமெயிலில் ‘Reply’ அழுத்தினார். பதில் போனது அவருடைய சொந்த ஜிமெயில் முகவரியிலிருந்து. அதில் முற்பணத்துக்கான வங்கிக் கணக்கு எண்ணும் இருந்தது. “நாங்கள் எழுதியது விடுதிக்கு, பணம் கேட்பது வேறு யாரோ, இது நீங்கள்தானா?” என்று அவர்கள் திரும்பக் கேட்டார்கள். நான் அவர்கள் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். விடுதியின் பெயரைச் சொல்லி முற்பணம் பறிக்கிறவர்களும் இப்படித்தான் வேறு முகவரியிலிருந்து எழுதுவார்கள்.

இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. ஜிமெயில் அமைப்பில் ‘Send mail as’ என்ற இடத்தில் info@ முகவரியைச் சேர்த்து, ஜிமெயிலின் அனுப்பும் சர்வரான smtp.gmail.com வழியாக, இதற்கென்றே கூகுள் உருவாக்கித் தரும் ஆப் பாஸ்வேர்டைக் கொடுத்து அனுப்பலாம். பெறுபவருக்கு info@ என்றுதான் தெரியும். நாங்களும் செய்தோம். சில மெயில் போய்ச் சேர்ந்தது, சில ஸ்பாமில் விழுந்தது. ஏன் என்று கண்டுபிடிக்க, அக்காவிடமிருந்து என் ஜிமெயிலுக்கு ஒன்றை அனுப்பச் சொல்லி, மூன்று புள்ளி மெனுவில் ‘Show original’ திறந்தேன். மெயில் போலியா என்று பெறும் சேவை பார்க்கும் மூன்று சோதனைகளின் முடிவு அங்கே இருக்கும். அனுப்பிய சர்வருக்கு அந்தப் பெயரில் அனுப்ப அனுமதி உண்டா என்பது SPF, மெயிலில் இடப்பட்ட டிஜிட்டல் கையெழுத்து சரியா என்பது DKIM, இவை மேலே தெரியும் முகவரியோடு பொருந்துகின்றனவா என்பது DMARC. டொமைனில் DMARC பதிவு இருந்தால் இப்படித் தெரியும்:

```
SPF:   PASS
DKIM:  'PASS' with domain gmail.com
DMARC: 'FAIL'
```

முதல் இரண்டும் தேறியிருக்க, மூன்றாவது ஏன் தோற்கிறது? SPF தேறியது gmail.com என்ற பெயருக்கு. DKIM கையெழுத்தும் gmail.com உடையது. கடிதத்தின் மேலே எழுதியிருப்பதோ எங்கள் டொமைன். மேலே உள்ள பெயரும் கையெழுத்திட்ட பெயரும் ஒன்றா என்று பார்ப்பதுதான் DMARC, அதனால்தான் தோற்கிறது. கூகுளின் பெயரை டொமைனின் SPF பதிவில் சேர்த்தால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். ஆகாது. உறையின் மேல் திரும்பும் முகவரியாக ஜிமெயில்தான் இருக்கிறது, எங்கள் SPF பதிவை யாரும் பார்ப்பதே இல்லை.

DMARC பதிவே வைக்காமல் விட்டால் என்ன என்று கேட்கலாம். அப்போது இந்த மெயில் பெரும்பாலும் போய்ச் சேரும். ஆனால் எங்கள் பெயரில் போலியாக எழுதும் மெயிலைத் தடுக்கச் சொல்லவும் வழி இருக்காது. முற்பணம் கேட்கிற தொழிலுக்கு அது எனக்குச் சரியாகப் படவில்லை.

மெயில்பாக்ஸில் இந்தக் கதை இல்லை. அனுப்புவதும் அதே சேவை, கையெழுத்தும் எங்கள் டொமைன் பெயரில். அக்காவுக்கு சோஹோ மெயிலில் குறைந்த கட்டணத் திட்டத்தை எடுத்தோம். ஒருவருக்கு மாதம் ஒரு டொலர் அளவு. MX, SPF, DKIM பதிவுகளை அவர்களின் பக்கத்தில் காட்டியபடியே ஒட்டினோம். கடைசியில் இதைச் சேர்த்தோம்:

```
_dmarc   TXT   v=DMARC1; p=none
```

சில வாரங்கள் ‘Show original’ பார்த்து, மூன்றும் தேறுவதை உறுதி செய்த பிறகுதான் none என்பதை quarantine ஆக்கினோம். தோற்கும் மெயிலை ஒன்றும் செய்ய வேண்டாம் என்பது none, ஸ்பாமில் போடு என்பது quarantine. booking@, accounts@ போன்றவற்றுக்குத் தனி மெயில்பாக்ஸ் வாங்கத் தேவையில்லை. ஒரே பெட்டிக்கு மாற்றுப் பெயர்களாக வைத்தால் போதும், கட்டணம் கூடாது. இதைத் தெரியாமல் மூன்று பேருக்கான காசைக் கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மெயில்பாக்ஸுக்கும் குறைகள் உண்டு. கட்டணம் கட்ட மறந்தால் மெயில் நின்றுபோகும். புதிதாக ஒரு ஆப் திறந்து பார்க்கும் பழக்கம் வர வேண்டும். யாரும் திறந்து பார்க்காத மெயில்பாக்ஸை விட ஃபார்வர்டிங் எவ்வளவோ மேல். இலவசத் திட்டங்களில் ஃபோனின் வழக்கமான மெயில் ஆப்போடு இணைக்க முடியாமல் இருக்கலாம், எடுக்கும் முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்கு ஆட்களை ஏற்றிப் போகும் ஒரு படகுக்காரத் தம்பிக்கு நான் ஃபார்வர்டிங்தான் போட்டுக் கொடுத்தேன். அவருடைய பேச்செல்லாம் வாட்ஸ்அப்பில். மெயிலில் வருவது மாதத்துக்கு நாலைந்து கேள்வி. “இந்த எண்ணுக்கு வாட்ஸ்அப் பண்ணுங்கள்” என்று ஒரு வரி பதில் எழுதுவார், காசு கரையில் கையில் வாங்குவார். அவருக்கு மாதக் கட்டணம் வீண்.

ஆனால் மெயிலைப் பார்ப்பவர் உரிமையாளர் இல்லையென்றால் என் பதில் மாறும். ஒரு கடையில் info@ முகவரி மனேஜரின் சொந்த ஜிமெயிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் கத்தாருக்கு வேலைக்குப் போனார். சண்டை எதுவும் இல்லை, நல்ல பையன்தான். இருந்தாலும் இரண்டு வருடப் பற்றுச்சீட்டும் சப்ளையர் பேச்சும் அவருடைய ஜிமெயிலோடு போய்விட்டன. மெயில்பாக்ஸாக இருந்திருந்தால் பாஸ்வேர்டை மாற்றியிருந்தாலே போதும்.

ஃபார்வர்டிங்கில் தொடங்குவதால் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள். முகவரி டொமைனோடு இருக்கிறது, பிறகு மாறினாலும் பலகையை மாற்ற வேண்டாம். மாறும்போது முதலில் மெயில்பாக்ஸையும் மாற்றுப் பெயர்களையும் உருவாக்குங்கள், அதன் பிறகே MX பதிவை மாற்றுங்கள். பழைய MX வரிகளை அழித்துவிடுங்கள், இரண்டும் சேர்ந்து இருந்தால் மெயில் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. மாற்றம் எல்லா இடத்துக்கும் பரவ சில மணி நேரம், சிலவேளை ஒரு நாள் ஆகும். அதுவரை பழைய ஜிமெயிலையும் பார்க்க வேண்டும். அக்காவுக்கு நாங்கள் இதை ஐப்பசி மழை தொடங்கி, அறைகள் காலியான பிறகுதான் செய்தோம்.