ஓரக்குறிப்பு: உத்தியின் பெயரா, பொருள் சுருக்கமா, கருத்தா?

முன்பின் பார்த்திராத ஓர் உரைநடைப் பகுதியைக் கொடுத்து, "ஆசிரியர் இதை எப்படி உணர்த்துகிறார்?" என்று கேட்கும் தேர்வுகளில் ஓரக்குறிப்பு எழுதும் வழக்கம் மூன்று விதமாக இருக்கிறது. சிலர் உத்தியின் பெயரை எழுதுவார்கள். சிலர் வரிக்கு வரி பொருளைச் சுருக்குவார்கள். மற்றவர்கள் அந்த வரி என்ன செய்கிறது என்பதை ஒரு வினைச்சொல்லோடு எழுதுவார்கள். எது பிறகு பத்தியாகிறது என்று பார்க்க, நானே எழுதிய சிறு பகுதி இது:

"வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். சன்னலுக்குப் பச்சை. கதவுக்கும் பச்சை. அப்பாவின் நாற்காலியை மட்டும் யாரும் நகர்த்தவில்லை. அதைச் சுற்றியே துடைத்தார்கள், சுற்றியே நடந்தார்கள். மூன்றாம் நாள் அம்மா அதன்மேல் மடித்த துணிகளை வைத்தாள்."

கேள்வி: குடும்பத்தின் இழப்பு எப்படி உணர்த்தப்படுகிறது?

முதல் வகையினரின் ஓரத்தில் "குறுவாக்கியம்", "சொல் மீண்டும் வருதல்", "நாற்காலி – குறியீடு" என்று இருக்கும். எழுத வேகமானது, ஓரமும் நிரம்பிவிடும். ஆனால் விடைத்தாளுக்கு வந்ததும் குறுவாக்கியத்துக்கு ஒரு பத்தி, குறியீட்டுக்கு ஒரு பத்தி என்று பிரியும். ஒவ்வொன்றும் "ஆசிரியர் இங்கே இதைப் பயன்படுத்துகிறார்" என்று தொடங்கி, "இது வாசகரை ஈர்க்கிறது" என்று முடியும். அந்தக் குறிப்பில் அதற்கு மேல் எடுக்க எதுவும் இல்லை. இழப்பைப் பற்றிய சிந்தனை முழுவதையும் கடிகாரம் ஓடும்போது புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும்.

இரண்டாம் வகை: "வீடு புதுப்பிக்கிறார்கள், அப்பா இல்லை, அம்மா துணி வைக்கிறாள்." பகுதி கடினமான நடையில் இருந்தால் இது உதவும். சுருக்கி எழுதச் சொல்லும் வினாவுக்கு இதுவே சரியான வழி. "எப்படி" என்ற வினாவுக்கு மட்டும் இது கதையைத் திரும்பச் சொல்வதில் முடியும்.

மூன்றாம் வகையில் நாற்காலி வரிக்கு எதிரே "இறப்பைச் சொல்லாமல், சுற்றி நடப்பதால் காட்டுகிறார்" என்று இருக்கும். "சுற்றியே" என்ற சொல்லின் கீழ் மட்டும் ஒரு கோடு. கடைசி வரிக்கு எதிரே: "ஆனால் இப்போது தொடுகிறாள்; உட்காரவில்லை." முதல் வரிகளுக்கு எதிரே: "எல்லாம் மாறுகிறது, அது மட்டும் மாறவில்லை." வினை இருப்பதால் இவை அரைவாக்கியங்கள், அப்படியே பத்தியின் முதல் வரியாக நீட்டலாம்.

என் ஓட்டு மூன்றாவதற்குத்தான். ஆனாலும் அதில் ஒரு சிக்கல் உண்டு. முதல் வாசிப்பிலேயே கருத்தை எழுதினால் அதிலேயே மாட்டிக்கொள்வோம். "யாரும் நகர்த்தவில்லை" என்ற இடத்தில் "குடும்பம் துயரத்தில் உறைந்துவிட்டது" என்று எழுதியவர், அம்மா துணி வைக்கும் வரியைத் தன் கருத்துக்கு இடைஞ்சலாகப் பார்த்து விட்டுவிடுவார். பகுதி திரும்புவதே அந்த வரியில்தான். அதனால் முதல் முறை பேனா இல்லாமல் கடைசி வரை படித்துவிட்டு, இரண்டாம் முறை எழுதுவது நல்லது. அதிக நேரம் பிடிக்குமே என்றால், ஆம், பிடிக்கும். எழுதும்போது யோசித்து நிற்கும் நேரத்தில் அது திரும்பக் கிடைக்கும்.

பிறகு ஒரு சின்ன வேலை: ஒரே எண்ணத்தைச் சொல்லும் குறிப்புகளுக்கு ஒரே எழுத்து. மாறும் வீடும் மாறாத நாற்காலியும் "அ". சுற்றி நடப்பதும் "அ". அம்மா "ஆ". இந்த எழுத்துகளே பத்திகள். ஓரத்தில் மூன்று குறிப்பு இருந்தாலும் பத்தி இரண்டுதான். உத்தியின் பெயர் இந்தக் கட்டத்தில் வந்தால் போதும். கருத்துக்குள் அது எளிதில் உட்கார்ந்துகொள்ளும். "ஆ" இப்படி விரியும்:

"இறுதி வரியில் இந்த விலகல் மெல்லத் தளர்கிறது. அதுவரை யாரும் நெருங்காத நாற்காலியை அம்மா முதன்முதலாகப் பயன்படுத்துகிறாள். ஆனால் உட்காராமல், துணிகளை மட்டும் வைக்கிறாள். இழப்பை ஏற்கத் தொடங்கிவிட்டாள், இன்னும் முழுதாக ஏற்கவில்லை என்பதை அந்தச் சாதாரணச் செயல் உணர்த்துகிறது. உணர்ச்சியைப் பெயரிடாமல் செயலை மட்டும் கூறும் நடை இதற்குத் துணைநிற்கிறது."

ஓரத்தில் இருந்த நான்கே சொற்கள் இந்தப் பத்தியின் முதல் பாதியாகிவிட்டன. குறிப்பு நல்லதா என்று பார்க்க ஒரு வழி: அதை வேறொரு பகுதியின் ஓரத்துக்கு மாற்றிப் பாருங்கள். "சொல் மீண்டும் வருதல்" எங்கும் பொருந்தும். "தொடுகிறாள், உட்காரவில்லை" இங்கே மட்டும்தான் பொருந்தும்.

எந்த எழுத்தும் கிடைக்காமல் நிற்கும் குறிப்பும் வரும். இங்கே அது "பச்சை = நம்பிக்கை?" என்பதாக இருக்கலாம். பகுதியில் அதற்கு வேறெந்த வரியும் துணை தரவில்லை. கேள்விக்குறியோடு ஓரத்திலேயே இருக்கட்டும். விடைத்தாளுக்கு அது வேண்டாம்.