திருப்பம் தெரியாமல் த்ரில்லர் தேர்வது: டிரெய்லரா, யூடியூப் விமர்சனமா, எழுத்து விமர்சனமா?

த்ரில்லர் படத்தைத் தேர்வதில் ஒரு முரண் இருக்கிறது. கடைசியில் வரும் திருப்பம் உருப்படியானதா என்று தெரிந்தால்தான் இரண்டரை மணி நேரத்தை நம்பி ஒப்படைக்கலாம். அது என்ன திருப்பம் என்று தெரிந்துவிட்டாலோ, படத்தில் பாதி சுவை போய்விடும். இதற்குக் கைவசம் இருக்கும் வழிகள் மூன்று: டிரெய்லர், யூடியூப் விமர்சனம், எழுத்து விமர்சனம். எழுத்து விமர்சனம்தான் என் தேர்வு. ஆனால் அதை முழுவதும் வாசிக்கக் கூடாது.

டிரெய்லரை முதலில் ஒதுக்கிவிடலாம். அது படத்தின் தரத்தைச் சொல்வதற்காக வெட்டப்படுவது இல்லை, டிக்கெட் விற்பதற்காக வெட்டப்படுவது. படத்தின் மிகப் பளிச்சென்ற காட்சிகள் பெரும்பாலும் கடைசி அரை மணி நேரத்தில் இருப்பதால் வெட்டுபவரின் கை அங்கேதான் போகும். 1991-ல் வந்த ‘டெர்மினேட்டர் 2’ இதற்குச் சரியான உதாரணம். எதிர்காலத்திலிருந்து இருவர் வருகிறார்கள். யார் கொல்ல வந்தவர், யார் காக்க வந்தவர் என்பதை ஏறக்குறைய அரை மணி நேரம் மறைத்தே இயக்குநர் ஜேம்ஸ் கேமரூன் காட்சிகளை அடுக்கியிருக்கிறார். டிரெய்லர் அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. டிரெய்லர் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு அந்த அரை மணி நேரம் வெறும் காத்திருப்பு.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. 1960-ல் ‘சைக்கோ’வுக்காக ஹிட்ச்காக் எடுத்த ஆறு நிமிடத்துக்கும் மேலான டிரெய்லரில் படத்தின் காட்சிகளே கிடையாது. அவரே செட்டைச் சுற்றிக் காட்டுகிறார். முடிவில் குளியலறைத் திரையை விலக்கும்போது அலறும் நடிகைகூட, படத்தில் அந்த இடத்தில் இருப்பவர் அல்ல. ஆனால் அவ்வளவு அக்கறையோடு டிரெய்லர் எடுப்பவர்கள் மிகச் சிலர். எதையாவது பார்த்தே ஆக வேண்டும் என்றால் படத்தின் முதல் டீசரோடு நிறுத்திக்கொள்ளலாம்; அதில் கதை குறைவு, மனநிலைதான் அதிகம்.

யூடியூப் விமர்சனத்தின் குறை, நிறுத்த முடியாதது. பேசுபவர் அடுத்த வாக்கியத்தில் என்ன சொல்லப் போகிறார் என்பது காதில் விழுந்த பிறகுதான் தெரியும். ‘ஸ்பாய்லர் இல்லை’ என்று தொடங்கியவர்கூட, ஒரு துணை நடிகரைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திச் சிரித்தால் போதும், படத்தில் அவர் வந்தவுடன் நம் கண் அவர்மேலேயே நிற்கும். இது போக, பக்கத்தில் ‘Ending Explained’ என்று வரிசைகட்டும் முகப்புப் படங்கள் வேறு. ஒரு த்ரில்லரைத் தேடிய கணத்திலிருந்து அவை வந்துகொண்டே இருக்கும்.

எழுத்தில் கண் நம் வசம் இருக்கிறது. வேண்டிய இடத்தில் நிறுத்தலாம், தாண்டலாம். விமர்சனங்களும் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை: முதல் பத்தியில் கதைக்கரு, அடுத்த இரண்டு மூன்று பத்திகளில் கதைச் சுருக்கம், பிறகு நடிப்பு, ஒளிப்பதிவு, இசை, கடைசிப் பத்தியில் தீர்ப்பு. ஆபத்து நடுவில்தான். ஆகவே முதல் இரண்டு வாக்கியங்களை வாசித்துவிட்டு நேராகக் கடைசிப் பத்திக்குப் போக வேண்டும். வெறும் மதிப்பெண் போதாதா என்று கேட்கலாம். அதில் எதுவும் கசியாது என்பது உண்மை. ஆனால் நூற்றுக்கு 45 என்ற எண், திருப்பம் நியாயமானதா என்ற ஒரே கேள்விக்குப் பதில் சொல்லாது.

அந்தக் கேள்விதான் முக்கியம். நிறைவு தரும் திருப்பம் ஏற்கெனவே பார்த்த காட்சிகளின் அர்த்தத்தை மாற்றும். ஏமாற்றும் திருப்பம் அதுவரை இல்லாத தகவலை வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டும்: கடைசி நேரத்தில் முளைக்கும் இரட்டைப் பிறவி, யாரும் சொல்லாத பழைய பகை. நம் ஊர்ப் படங்களில் இதன் அடையாளம், முடிவுக்குச் சற்று முன்பு வரும் நீளமான ஃப்ளாஷ்பேக். குறை சொல்லும் விமர்சனம் இங்கேதான் பாராட்டைவிடப் பயன்படுகிறது. “கடைசி இருபது நிமிட ஃப்ளாஷ்பேக் பொறுமையைச் சோதிக்கிறது” என்று ஒருவர் எழுதினால், என்ன நடக்கிறது என்று சொல்லாமலேயே திருப்பம் எந்த வகை என்று சொல்லிவிடுகிறார். மாறாக, “முதல் பாதி மெதுவாகப் போகிறது, ஆனால் எதுவும் வீணாகவில்லை” என்றோ “இன்னொரு முறை பார்க்கத் தூண்டுகிறது” என்றோ இருந்தால் படத்தை நம்பி உட்காரலாம். “யாரும் எதிர்பாராத க்ளைமாக்ஸ்” என்ற சொற்றொடருக்கு நான் எந்த மதிப்பும் தருவதில்லை. எதிர்பாராதது எல்லாம் பொருந்திவிடாது.

இந்த முறையை 1955-ல் க்ளூஸோ இயக்கிய பிரெஞ்சுப் படம் ‘லே தியாபோலிக்’கில் வைத்துப் பார்க்கலாம். விமர்சனத்தின் முதல் இரண்டு வாக்கியங்களில் கதைக்கரு கிடைத்துவிடும்: ஒரு விடுதிப் பள்ளி, கொடுமைக்காரத் தலைமையாசிரியர், அவரைக் கொல்லத் திட்டமிடும் மனைவியும் காதலியும். இவ்வளவு போதும். மூன்றாவது வாக்கியம் “ஆனால்” என்று தொடங்கினால் அங்கேயே கண்ணை எடுத்துவிட வேண்டும். விக்கிப்பீடியாவில் மறந்தும் கீழே இறங்கக் கூடாது. முடிவை மறைக்கும் வழக்கம் அங்கே இல்லை, ‘Plot’ பகுதி முழுக் கதையையும் சொல்லிவிடும். 1996-ல் வந்த ஹாலிவுட் மறு ஆக்கத்தின் பக்கத்தையும் தவிர்க்கலாம். க்ளூஸோவின் படத்தின் முடிவில், நண்பர்களுக்குக் கதையைச் சொல்லி அவர்களின் சுவாரசியத்தைக் கெடுத்துவிடாதீர்கள் என்று திரையிலேயே ஒரு வேண்டுகோள் வரும். அந்த வேண்டுகோளுக்கு எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் மதிப்புக் கொடுக்கலாம்.

முடிவு தெரிந்தாலும் ரசனை குறையாது என்று சொல்பவர்கள் 2011-ல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் நடந்த ஆய்வைக் காட்டுவார்கள். முடிவு முன்பே சொல்லப்பட்ட கதைகளை வாசகர்கள் சற்று அதிகமாகவே விரும்பினார்கள் என்பது சரிதான். ஆனால் அங்கே வாசிக்கக் கொடுத்தவை சிறுகதைகள். ஐயத்தை இரண்டு மணி நேரம் இழுத்துப் பிடிக்கும் படத்துக்கு அந்த முடிவை அப்படியே பொருத்த எனக்கு மனம் வரவில்லை.

படத்தைத் தேர்ந்த பிறகும் கசிவு நிற்காது. நடிகர் பட்டியலே துப்புக் கொடுக்கும். பெரிய நடிகர் ஒருவர் வேலையே இல்லாத பாத்திரத்தில் வந்தால், அவருக்கான வேலை கடைசியில்தான் இருக்கிறது என்று ஊகிப்பது எளிது. அதனால் முதல் இரண்டு பெயருக்குமேல் பார்க்க வேண்டாம். இரண்டாம் பாகம் வந்த படம் என்றால், அதன் ஒருவரி விவரமே முதல் பாகத்தில் யார் தப்பினார்கள் என்று காட்டிக்கொடுக்கும். 2013-ன் மலையாள ‘த்ரிஷ்யம்’ பார்க்காதவர்கள் 2021-ன் இரண்டாம் பாகத்தின் விவரத்தைத் தொடவே கூடாது. நெட்ஃபிளிக்ஸில் உலாவும்போது தானாக ஓடும் முன்னோட்டத்தை, சுயவிவர அமைப்பில் ‘Autoplay previews while browsing on all devices’ என்பதற்கு எதிரே உள்ள குறியை எடுத்து நிறுத்தலாம். படம் ஓடும்போது ரிமோட்டைத் தொட்டால் திரையில் மீதி நேரம் வந்துவிடும். கொலையாளி பிடிபட்டு இன்னும் 40 நிமிடம் மீதி என்று தெரிந்தால், பிடிபட்டவர் கொலையாளி இல்லை என்று கடிகாரமே சொல்லிவிடும்.

தொடர்களில் இந்த முதல்பத்தி, கடைசிப்பத்தி முறை இவ்வளவு உறுதியாகக் கைகொடுக்காது. பல விமர்சகர்கள் முதல் சில எபிசோடுகளை மட்டும் பார்த்துவிட்டு எழுதுகிறார்கள். முடிவு நியாயமானதா என்பது அவர்களுக்கே தெரியாமல் இருக்கலாம். எத்தனை எபிசோடு பார்த்து எழுதினார் என்ற குறிப்பு பெரும்பாலும் விமர்சனத்தின் அடியில் இருக்கும். அதை முதலில் தேடிப் பார்த்துவிட்டு மேலே வரலாம்.