மதிப்பாய்வுக் கருத்துகள்: வரிசைப்படி பதிலா, தொகுத்துத் திட்டமா?

ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரைக்கு ரிவியூவர் கருத்துகள் கைக்கு வந்ததும் முதல் கருத்திலிருந்து வரிசையாகப் பதில் எழுதுவது ஒரு வழி. எழுத்துப்பிழை, விடுபட்ட மேற்கோள், படத்தின் அளவு போன்ற சின்னத் திருத்தங்கள்தான் என்றால் இதுவே போதும், சீக்கிரம் முடியும்.

பெரிய திருத்தத்தில் இது காலை வாரும். உப்பும் இரத்த அழுத்தமும் பற்றி 80 பேரிடம் செய்த ஆய்வு என்று வையுங்கள். முதல் ரிவியூவரின் 2ஆம் கருத்து: "வயது, எடை, புகைப்பழக்கம், வருமானம் எல்லாவற்றையும் புள்ளியியல் மாதிரியில் சேர்த்துக்கொள்ளுங்கள்." இரண்டாமவரின் 6ஆம் கருத்து: "இத்தனை பேருக்கு இவ்வளவு மாறிகள் அதிகம்." வரிசைப்படி போனால் எல்லாவற்றையும் சேர்த்து, அட்டவணைகளை மாற்றி முடித்த பிறகுதான் இந்த முரண் கண்ணில் படும்.

அதனால் நான் தொகுக்கும் வழியைத்தான் சொல்வேன். எக்செல்லில் ஒவ்வொரு கருத்தையும் சொல் மாறாமல் ஒட்டி, பக்கத்தில் அது தொடும் பகுதியைக் குறியுங்கள். ஒரே அட்டவணையைத் தொடுபவை தாமாகவே ஒன்றுசேரும். அப்புறம் முடிவு ஒன்றுதான்: முதன்மை மாதிரியில் வயதும் எடையும், எல்லா மாறிகளும் உள்ள மாதிரி துணைக்கோப்பில். அங்கே உப்பின் விளைவு பெரிதாக மாறினால் அதையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

பதில் கடிதத்தில் மட்டும் ரிவியூவர்களின் வரிசைக்கே திரும்புங்கள். இருவருக்கும் ஒரே காரணத்தை முழுதாகச் சொல்லி, பக்க எண், வரி எண்ணோடு கொடுங்கள். கருத்துகள் முரண்படுவதை எடிட்டருக்கான குறிப்பில் நேரடியாகச் சொல்லிவிடலாம்.