மறுமணத்துக்கு மேட்ரிமோனி சைட்டு: காசு கட்டி யூஸ் பண்ணவளோட அனுபவம்

என்கூட வேலை பாக்குற பொண்ணுக்கு இப்பதான் கோர்ட்ல விவாகரத்து முடிஞ்சிருக்கு, "அக்கா எந்த சைட்டு நல்லாருக்கு, பெய்ட் போடலாமா"ன்னு கேட்டா, அவளுக்கு வாட்ஸ்அப்ல அடிக்க ஆரம்பிச்சது நீளமாயிடுச்சு, அதான் இங்கயே போட்டுடறேன். ப்ளான் ரேட்டு, எத்தனை நம்பர் பாக்கலாம், போட்டோவ லாக் பண்றது எல்லாம் அவங்களே போன் பண்ணி பண்ணி சொல்லுவாங்க, அதுக்குள்ள நான் போகல. நாங்க கும்பகோணம், பாத்த வரனெல்லாம் திருவாரூர், மன்னார்குடி, மாயவரம் சுத்துவட்டாரம், அதனால சென்னைல இருக்கவங்களுக்கு இது பொருந்துமான்னு என்னை கேக்காதீங்க.

சைட்டுல டைவர்ஸ்டுன்னு டிக் பண்ண நிமிஷத்துலேர்ந்து உங்களுக்கு வர்ற வரன் எல்லாம் மாறிடும். எனக்கு 34 வயசு, வந்த இன்ட்ரஸ்ட்ல பாதி காலேஜ் போற பிள்ளைங்க இருக்க மனைவிய இழந்தவங்க. சரி அதகூட விட்டுடலாம், வயசு ஃபில்டர் இருக்கு. என்னை கடைசி வரைக்கும் கடுப்பேத்துனது ஒரே ஒரு கேள்வி. "எத்தனை நாள் சேர்ந்து இருந்தீங்க?"

கேக்குறவங்களுக்கும் தெரியும் என்ன கேக்குறோம்னு, நமக்கும் தெரியும். சில ப்ரொஃபைல்ல அதுக்கு பதில் மாதிரியே எழுதி வச்சிருப்பாங்க, "இன்னசென்ட் டைவர்சி", "சில நாட்களே வாழ்ந்தவர்"னு. தரகர் ஒருத்தர் எங்கம்மாகிட்ட நேராவே சொன்னார், "நாலு வருஷம்னு போடாதீங்கம்மா, கொஞ்ச நாள்னு போடுங்க, வரன் வேற லெவல்ல வரும்". நாலு வருஷம் ஒரு வீட்ல சமைச்சு, மாமியாருக்கு ஆஸ்பத்திரில ராத்திரி முழுக்க உக்காந்திருந்தது எல்லாம் மைனஸ் மார்க்கு, கல்யாணம் முடிஞ்ச கையோட பிரிஞ்சிருந்தா ப்ளஸ்ஸு. அம்மா மாத்தலாம்னுதான் சொன்னாங்க, நான் மாத்தல. மாத்தினா அடுத்த பக்கத்துல டிக்ரி தேதியும் கல்யாண தேதியும் ஒத்துவராம மாட்டிப்போம்ல?

டிக்ரின்னு சொன்னதும் ஞாபகம் வருது, இதத்தான் அந்த பொண்ணு முக்கியமா கவனிக்கணும். பேச்சு ஆரம்பிச்ச ரெண்டாவது நாளே "ஆர்டர் காப்பி அனுப்புங்க"ம்பாங்க. கோர்ட்ல தீர்ப்பு வேற, டிக்ரி வேற. சண்டை போட்டு வாங்கின கேஸ்னா தீர்ப்புல யார் யாரை என்ன சொன்னாங்கன்னு எல்லாம் பக்கம் பக்கமா இருக்கும், டிக்ரிங்கிறது கேஸ் நம்பர், பேரு, இன்ன தேதில நடந்த கல்யாணம் ரத்துன்னு சொல்ற சின்ன பேப்பர். அத மட்டும் அனுப்பு, அதுவும் குடும்பத்தோட நேர்ல பேசி ரெண்டு பக்கமும் சரின்னு வந்தப்புறம், முகவரிய மறைச்சுட்டு. முழுசா அனுப்பினா அது அவங்க சித்தப்பா குரூப்ல சுத்தும். பரஸ்பர சம்மதத்துல வாங்கினவங்களுக்கு தொல்லை கொஞ்சம் கம்மி, அந்த மனுல பெரும்பாலும் கருத்து வேறுபாடுங்கிறதோட நின்னுடும்.

அதே பேப்பர அவங்ககிட்டயும் கேளு. திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு வரன், பத்து மா நஞ்சை, சொந்த வீடு, ஆளும் நல்லாத்தான் பேசினார். அவங்கம்மாதான் முதல்ல எங்க டிக்ரி கேட்டாங்க, "எத்தனை நாள்" கேள்வியும் அவங்கதான். அனுப்பிட்டு அவங்களத கேட்டா இன்னிக்கு நாளைக்குன்னு இழுத்து, கடைசில ஒரு போட்டோ, ஓரம் மடிஞ்சு பாதி நிழலா வந்துச்சு. எங்க வக்கீல்கிட்ட காட்டினோம். அவரு ரெண்டு இடத்துல விரல வச்சார். தீர்ப்பு தேதி போன மாசம். எதிர்மனுதாரர் வரல, எக்ஸ்பார்ட்டி. அவரோட முன்னாள் மனைவிக்கு சம்மன் போய் சேராம பேப்பர்ல விளம்பரம் குடுத்து முடிச்சிருக்காங்க.

அதுல என்ன பிரச்சனைன்னா, ஒருதலையா வாங்கின டிக்ரிய ரத்து பண்ண சொல்லி அவங்க வரலாம், அதுக்கு டைம் 30 நாள், ஆனா சம்மன் முறையா போகலன்னா அந்த 30 நாள் அவங்களுக்கு விஷயம் தெரிஞ்ச நாள்லேர்ந்துதான் எண்ணணும். அதுபோக இந்து திருமணச் சட்டத்துல அப்பீல் போக 90 நாள் இருக்கு, அந்த காலம் முடியறதுக்குள்ள மறு கல்யாணம் பண்ணக்கூடாதுன்னு 15வது பிரிவு சொல்லுது. இந்த வரனுக்கு அதுவே முடியல, ஆனா அவங்க வர்ற முகூர்த்தத்துலயே வைக்கணும்னு நின்னாங்க. அப்பா ரொம்ப மரியாதையாத்தான் கேட்டார், "கொஞ்சம் பொறுத்து வச்சுக்கலாமுங்களா, கேஸ் நம்பர் குடுத்தீங்கன்னா வக்கீல் பாத்துடுவார்". அதுக்கு அந்த வரனோட அம்மா, "டைவர்ஸ் ஆன பொண்ண வச்சுக்கிட்டு இவ்ளோ கேள்வி கேக்குறீங்களே"ன்னு போன வச்சுட்டாங்க. நாங்க படுத்து எந்திரிச்ச நாள் வரைக்கும் சொல்லணும், அவங்க கேஸ் நம்பர் மட்டும் ரகசியமாம்!

கேஸ் நம்பர் கேக்குறதுல ஒரு தப்பும் இல்ல. இ-கோர்ட்ஸ் சைட்டுல, ஒவ்வொரு கேஸுக்கும் தனியா குடுக்குற CNR நம்பர் போட்டா கேஸ் முடிஞ்சுதா நடக்குதான்னு நம்மளே பாத்துக்கலாம். சைட்டுல "அவெய்ட்டிங் டைவர்ஸ்"னு போட்டிருக்க ஆளு எவ்ளோ தங்கமா பேசினாலும் கேஸ் முடியறதுக்குள்ள தாலி கட்டினா அந்த கல்யாணம் செல்லாது, கோயில்ல கட்டினாலும் அதேதான்.

கோயில்னதும் ஒண்ணு சொல்லிடறேன், பெரியம்மா புடிவாதத்துக்கு குத்தாலம் பக்கத்துல திருமணஞ்சேரி போனேன். ரெண்டாவது தடவை போலாமா கூடாதான்னு வீட்ல ஒரு பட்டிமன்றமே நடந்துச்சு. அங்க பேரு, நட்சத்திரம் கேட்டாங்க, மாலைய கையில குடுத்தாங்க, அவ்ளோதான். இந்த வட்டாரத்துல என்னை வேற எதுவும் கேக்காத ஒரே இடம்.

இப்ப எனக்கு நிச்சயம் ஆயிருக்கு, ஆவணி முகூர்த்தம், அதே சைட்டு மூலமாத்தான். அவரு நீடாமங்கலம். நாங்க கேக்குறதுக்கு முன்னாடியே தன்னோட டிக்ரிய அனுப்பிட்டார், முன்னாள் மனைவி பேரையும் ஊரையும் பேனாவால அடிச்சுட்டு. "அவங்களும் எங்கயாச்சும் வரன் பாத்துட்டு இருப்பாங்க"ன்னார். அந்த கேள்விய இன்னிவரைக்கும் கேக்கல. அவங்கக்கா கேட்டாங்க, அது வேற கதை.

ஆக பெய்ட் போடலாமா? மூணு மாச ப்ளான் போடு, முதல்ல அவன் சொல்ற ரேட்டுக்கு போடாத, கார்ட்ல விட்டுட்டு ரெண்டு நாள் கம்முனு இருந்தா அவனே கொறச்சுட்டு வருவான். கான்டாக்ட்ல உன் நம்பர் குடுக்காத, அண்ணன் நம்பர் குடு, ராத்திரி பதினோரு மணிக்கு "ஹாய்" அனுப்புறவனுங்க பாதி பேர் அங்கயே நின்னுடுவானுங்க. டிக்ரியோட சர்டிஃபைட் காப்பி ரெண்டா வாங்கி வை, கல்யாணத்துக்கப்புறம் சார்பதிவாளர் ஆபீஸ்ல பதியும்போது கேப்பாங்க. எனக்கு மாப்பிள்ளை கிடைச்சதே அங்கதான், இருந்தாலும் சைட்டுக்கு என் ரேட்டிங் ரெண்டு ஸ்டார், அதுக்கு மேல ஒரு அரை ஸ்டார் கூட மனசு வரல.